சூடானபின் இடைவெளி

வரைபடத்தில் ஒரு கோடு நேராக வந்துவிட்டால் போதும், இயற்பியல் துறைக்காரர்களுக்குப் பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி. அதற்கப்புறம் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. சாதியாவின் கோடுகளோ ஊர் கண்பட்டுவிடும் அளவுக்கு நேர். துறைத்தலைவரும் அவளுடைய ஆய்வு வழிகாட்டியுமான தமிழ்மாறன் அவற்றைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "ஸ்கேல் வச்சுப் போட்டதில்லைங்க, மீட்டர்ல வந்தது," என்று சொல்லாமல் விடமாட்டார்.

நெய்வேலி நகரியத்தைத் தாண்டி, முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் இருந்தது அந்தத் தனியார் கல்லூரி. சாதியா அங்கே ஒப்பந்த விரிவுரையாளர். முனைவர் பட்டம் இல்லாதவர்களை வரும் கல்வியாண்டில் வைத்துக்கொள்வதில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவளுடைய ஆராய்ச்சிப் பதிவுக்கும் ஆயுள் முடிகிற நேரம். நீட்டிப்பு வாங்கி, நீட்டிப்புக்கு நீட்டிப்பும் வாங்கியாயிற்று. இனி ஆய்வேட்டை இந்த மாதத்துக்குள் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் எட்டு வருஷ உழைப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். ஆய்வேடும் ஏறக்குறைய முடிந்துதான் இருந்தது. பைண்டிங் கடைக்குப் போவதுதான் பாக்கி.

ஆராய்ச்சி என்னவென்றால், அது அந்த ஊருக்கே உரிய ஆசை. அனல்மின் நிலையக் கொதிகலன்களில் வீணாகப் போகிற வெப்பத்திலிருந்து நேரடியாகவே மின்சாரம் எடுக்கவேண்டும். வெற்றிடத்துக்குள் இரண்டு சின்னத் தட்டுகள், எதிரெதிராக, அரை மில்லிமீட்டர் இடைவெளியில். ஒன்றைப் பழுக்கக் காய்ச்சினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும், மற்றது அவற்றை வாங்கிக்கொள்ளும். சுடுகிற தட்டின் மேல் பேரியம் கலந்த வெள்ளைப் பூச்சு ஒன்று பூசுவது உலக வழக்கம். அந்தப் பூச்சில் நிலக்கரிச் சாம்பலைச் சுத்தம் செய்து சேர்த்தது சாதியாவின் புதுமை. சேர்த்ததும், அதே மின்னழுத்தத்தில் தொண்ணூறு மில்லிஆம்பியர் வந்துகொண்டிருந்த இடத்தில் நூற்றெழுபதுக்கு மேல் வந்தது. மலைமலையாகக் கொட்டிக் கிடக்கிற சாம்பலுக்கு இப்படி ஒரு யோகமா என்று எல்லோரும் மலைத்துப் போனார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட மூன்றாம் பக்கத்தில் சாதியாவின் படம் வந்தது. அவள் கணவன் சாதிக் அலி, மெயின் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், அதைக் கத்தரித்துப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருந்தான்.

தமிழ்மாறனுடைய ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாளில் ஒரு கோடுதான். ஒரு பூச்சு, ஒரு வெப்பநிலை, ஒரு தாள். "நாலு கோட்டை ஒண்ணா போட்டா பாக்குறவன் குழம்பிருவான்" என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அவரே ஒருநாள் தளர்த்தினார். ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர், "அஞ்சாவது அத்தியாயம் கொஞ்சம் மெலிசா இருக்கும்மா. ரெண்டு வெப்பநிலையையும் ஒரே படத்துல போட்டு ஒரு பக்கம் சேத்துரு. பாக்க நல்லாருக்கும்," என்றார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய இரண்டு கோடுகள், விசிறி விரித்த மாதிரி. அதிகம் சூடான கோடு மேலே, குறைவாகச் சூடான கோடு கீழே. சாதியா படத்துக்குத் தலைப்பு தட்டச்சு செய்யப் போனாள். பாதியில் விரல் நின்றுவிட்டது.

விரியக்கூடாது. அந்த இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கவேண்டும்.

இளங்கலை மாணவர்களுக்கு இதை அவளே வருஷாவருஷம் நடத்துகிறாள். டவுன் பஸ்ஸை வைத்துத்தான் சொல்வாள். "ஷிப்ட் விடுற நேரம், பஸ் வாசல்ல ஏறின கூட்டம் உள்ள நகராம அங்கயே நிக்குது. பின்னாடி ஏற வர்றவன அது வெளிய தள்ளும். எலக்ட்ரானும் அப்படித்தான். தட்ட விட்டுக் கிளம்பின எலக்ட்ரான் கூட்டம், வாசலை ஒட்டியே நின்னுக்கிட்டு, அடுத்து வர்றத விரட்டுது. அப்ப ஸ்டாப்பிங்ல இன்னும் ஆயிரம் பேரைக் கொண்டாந்து நிறுத்தினா பஸ் நிறையுமா? நிறையாது. உள்ளேருந்து கண்டக்டர் பலமா இழுக்கணும், இல்ல நடக்கவேண்டிய தூரம் குறையணும்." இழுக்கிற பலம்தான் மின்னழுத்தம். மின்னோட்டம் அதன் ஒன்றரை அடுக்காக ஏறும்; மின்னழுத்தம் நாலு மடங்கானால் மின்னோட்டம் எட்டு மடங்கு. தூரம் தட்டுகளின் இடைவெளி. அது பாதியானால் மின்னோட்டம் நாலு மடங்கு. அவ்வளவுதான் விதி. அதில் வெப்பநிலைக்கு இடமில்லை. பூச்சு எதனால் ஆனது என்பதற்கும் இடமில்லை.

மின்னோட்டத்தின் மூன்றில் இரண்டு அடுக்கை எடுத்து மின்னழுத்தத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு வந்தது என்று எட்டு வருஷமாகப் பூரித்தார்களே, அந்த நேர்கோடு சொன்ன சேதியே அதுதான். 'இங்கே கூட்டம்தான் அதிகாரம் செய்கிறது, உன் பூச்சுக்கு இங்கே பேச்சு இல்லை' என்று அது ஒவ்வொரு தாளிலும் சொல்லிக்கொண்டே இருந்தது. கோடு எவ்வளவுக்கெவ்வளவு நேரோ, அவ்வளவுக்கவ்வளவு சாம்பலுக்குச் சம்பந்தம் இல்லை. இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாய் தன் ஆய்வேட்டில் நேர்மாறாக எழுதியிருக்கிறது. சாதியாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

பூச்சும் இல்லை, வெப்பநிலையும் இல்லை என்றால் மிச்சமிருப்பது ஒன்றுதான். கோட்டின் சாய்விலிருந்து இடைவெளியைத் திருப்பிக் கணக்குப் போட்டாள். பழைய பூச்சின் தாளில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சரி. சாம்பல் பூச்சின் தாள்களில் பார்த்தால், குறைந்த சூட்டில் ஒரு மாதிரி சுருங்கியிருந்தது. அதிக சூட்டில் இன்னும் சுருங்கி, மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுடச்சுடத் தட்டு தட்டை நெருங்கியிருக்கிறது. அவர்கள் இடைவெளியை அளந்ததோ எப்போதும் குளிர்ந்திருக்கும்போது, காற்றை உறிஞ்சுவதற்கு முன், தகட்டு அளவியைச் செருகி.

அவள் எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அங்கே லேத்தில் இருந்தவர் ஜெயகணேஷ். ஆய்வகத்துக்கு வேண்டிய உலோக வேலையெல்லாம் அவர் கைதான்.

"அண்ணே, சாம்பல் பூச்சுத் தட்ட மாட்டப் புதுசா ஒரு ஹோல்டர் பண்ணிக் குடுத்தீங்களே, அதோட தண்டு என்ன நீளம்?"

"ரெண்டரை சென்டிமீட்டரு. நிக்கல் ராடு. ஏன் மேடம், லூசாகுதா?"

"பழைய ஹோல்டர்ல தண்டே கிடையாதில்ல?"

"அது பீங்கான் மேல குந்திக்கினு இருந்துது. நீங்கதான் சாம்பல் பூச்ச தனியா உலையில வச்சு சுடணும், கழட்டி மாட்டுற மாதிரி வேணும்னு படம் வரைஞ்சி குடுத்தீங்க. நீங்க போட்ட அளவுதான் மேடம், நான் மயிரிழை மாத்தல." அவர் குரலில் லேசாகப் பயம் வந்துவிட்டது. "தப்பா?"

"இல்லண்ணே. நீங்க பண்ணது சரிதான்."

தப்பு அவளுடையதுதான். ரெண்டரை சென்டிமீட்டர் நிக்கல், ஒரு முனை பழுத்துக் கிடக்க மறுமுனை ஆறியிருந்தால், எவ்வளவு நீளும் என்பதை நடந்துகொண்டே மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பழைய பூச்சு பழைய ஹோல்டரில், புதுப் பூச்சு புது ஹோல்டரில். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போட்டிருக்கிறார்கள்.

தமிழ்மாறனிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். அப்புறம் படத்தை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"கண்ணால பாத்துருவோம்," என்றார்.

வெற்றிடக் கலத்தில் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. மேல் சாளரம் வழியாக வெப்பநிலை பார்ப்பதோடு சரி. பக்கச் சாளரத்தைத் துடைத்து, மாணவர்களின் நகரும் நுண்ணோக்கியைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தினார்கள். பம்பு ஓடி வெற்றிடம் வந்ததும் சாதியா சூடேற்றியைத் திருகினாள். தமிழ்மாறன் நுண்ணோக்கியில் கண் வைத்தார்.

"சிவக்குது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரஞ்சாயிருச்சு." அதற்கப்புறம் திருகை மட்டும் மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார், கீழ்த் தட்டின் விளிம்பைப் பின்தொடர்ந்து மேலே, மேலே. கடைசியில் எழுந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் பார்த்தாள். கீழே ஒரு நெருப்புக் கோடு, மேலே இருட்டான தட்டு, நடுவில் அரை மில்லிமீட்டர் இருக்கவேண்டிய வெளிச்சம் சின்னதாகிப் போயிருந்தது. அளவு எடுக்கவே வேண்டியதில்லை. ஆனாலும் எடுத்தாள். கணக்கில் வந்ததற்கும் கண்ணால் பார்த்ததற்கும் வித்தியாசம் இல்லை.

"பழைய பூச்சையும் இதே ஹோல்டர்ல மாட்டிப் பாரு," என்றார் தமிழ்மாறன். குரலில் இன்னும் ஒரு நூலிழை நம்பிக்கை இருந்தது. மனுஷனுக்கு ஆசை யாரை விட்டது?

மாட்டிப் பார்த்தாள். அதே வெப்பநிலையில் அதே கோடு. ஒரு புள்ளி பிசகவில்லை.

அதற்கப்புறமும் அவள் ஒரு வழி யோசித்தாள். பூச்சின் உண்மையான திறமையைப் பார்க்கவேண்டுமானால் சூட்டைக் குறைக்கவேண்டும். ஸ்டாப்பிங்கில் ஆட்களே குறைவாக இருந்தால் வாசலில் நெரிசல் ஏது? கண்டக்டர் எவ்வளவு இழுத்தாலும் இருக்கிற ஆட்கள்தான் ஏறுவார்கள். அப்போது மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற மின்னோட்டம் ஓரிடத்தில் நின்றுபோகும். அந்த நிற்கிற அளவுதான் பூச்சு எத்தனை எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்பதைச் சொல்லும். அங்கே சாம்பல் ஜெயித்துவிட்டால், ஆய்வேட்டைத் திருத்தி எழுதிவிடலாம். முன்னே சொன்னது வேறு காரணம், ஆனால் பூச்சு நல்ல பூச்சுதான் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். இரண்டு நாள் அந்த எண்ணத்திலேயே ஓடினாள். வீட்டில் சோறு குழைந்தது, பிள்ளைக்குச் சீருடை இஸ்திரி போடவில்லை, சாதிக் அலி ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் சாதாரணப் பூச்சு. மின்னோட்டம் ஏறி, ஓரிடத்தில் நின்றது. அப்புறம் அதே சூட்டில் சாம்பல் பூச்சு. அதுவும் ஏறியது, நின்றது. ஆனால் சாதாரணப் பூச்சு நின்ற இடத்தில் பாதிக்கும் கீழேயே நின்றுவிட்டது. சாம்பலில் எவ்வளவு கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த கந்தகமும் சிலிக்காவும் பேரியத்தைக் கெடுத்திருக்கின்றன. அதாவது அவளுடைய புதுமை ஒன்றுமில்லாதது மட்டுமல்ல, இருந்ததையும் கெடுத்தது. நெருக்கடியான கூட்டத்தில் அந்தக் குறை வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சாதியா மீட்டரை அணைத்துவிட்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுதாள்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியில் இருந்தது வெண்ணெயே இல்லை, சுண்ணாம்பு.

தமிழ்மாறன் கெட்டவரில்லை. அதை இங்கே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அடுத்து அவர் பேசியதைக் கேட்டால் அப்படித் தோன்றும். கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார். தானே ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

"உண்மைய எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரும்மா. தலைப்பே 'சாம்பல் பூச்சினால் மின்னோட்ட உயர்வு'. தலைப்ப மாத்த முடியாது, சுருக்கம் ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்குப் போயாச்சு. மாத்தணும்னா புதுப் பதிவு. புதுப் பதிவுன்னா முதல்லேருந்து. நீ அதுக்குள்ள இந்தக் காலேஜ்ல இருப்பியா?"

"பொய்ய எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா சார்?"

"எழுதுன அன்னைக்கு அது பொய் இல்லையேம்மா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த ஒரு படத்த மட்டும் எடுத்துரு. ஒரு தாள்ல ஒரு கோடு. முன்ன மாதிரியே இருக்கட்டும். நானும் எல்லாருக்கும் அறிக்கை குடுத்துட்டேன். எனக்கும் இது மட்டுந்தான் இருக்கு."

அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனாள். சாதிக் அலி ஒரு வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, தண்டு, பஸ் கூட்டம் எல்லாம் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி போதுமாயிருந்தது.

"அதனால யாருக்காவது கேடு வருமா? யாராச்சும் சாவாங்களா?" என்றான்.

"இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஒரு பூச்சு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கும், அது நல்லா இருக்காது. அவ்வளவுதான்."

"அப்ப குடுத்துரு புள்ள." தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "கேட்டா சொல்லிரு. எவனாச்சும் கேட்டான்னா மறைக்காத. கேக்கலன்னா நீயா போயி எதுக்கு?" என்றான்.

அது அவளுக்கு நியாயமாகத் தோன்றியது. முழுகுகிறவனுக்குப் புல்லும் துணை. கேட்டால் சொல்லிவிடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டாள். அந்த உறுதியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படத்தை நீக்கினாள், பைண்டிங் கடைக்குப் போனாள், கையெழுத்துப் போட்டாள். தமிழ்மாறனும் போட்டார்.

வாய்மொழித் தேர்வு அடுத்த வருஷம் ரமலான் மாதத்தில் அமைந்தது. சாதியா நோன்போடு வந்திருந்தாள். கருத்தரங்க அறையில் துறை ஆசிரியர்கள், மாணவர்கள், பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி அபி. மேசையில் சமோசாவும் டீயும் வைத்திருந்தார்கள். வெளித்தேர்வாளர் நல்ல வயசானவர். எலக்ட்ரான் குழாய்கள் செய்யும் ஆய்வகம் ஒன்றில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தமிழ்மாறன் அறிமுகம் செய்தார். அதைக் கேட்டதும் சாதியாவுக்குப் பயம் வந்தது. கூடவே, சொல்லப்போனால், ஒரு நிம்மதியும் வந்தது. இவர் கேட்பார். இவர் கேட்டால் சொல்லிவிடலாம்.

அவள் படங்களைக் காட்டிப் பேசி முடித்தாள். பெரியவர் ஆய்வேட்டை எங்கேயோ விரல் வைத்து அடையாளம் பிடித்திருந்தார்.

"கோடெல்லாம் ரொம்ப நேரா இருக்கும்மா."

"நன்றிங்க சார்."

"தட்டுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு?"

"அரை மில்லிமீட்டர் சார்."

"எதால அளந்தீங்க?"

"தகட்டு அளவியால சார்."

அவர் தலையாட்டினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சூடானதுக்கு அப்புறமும் அரை மில்லிமீட்டர்தானா?"

இதோ, கேட்டாயிற்று. இதைவிட நேராக யாரும் கேட்கமுடியாது. கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு, வா என்று நிற்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி. சாதியா வாயைத் திறந்தாள். முன்வரிசையில் தமிழ்மாறன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சாதிக் அலியின் சட்டை தெரிந்தது. கடையைச் சாத்திவிட்டு வந்து, உள்ளே வரக் கூச்சப்பட்டு, தூணோரம் நின்றுகொண்டிருந்தான். உட்காரக்கூட இல்லை.

"ஆமா சார்," என்றாள்.

பெரியவர் அவளையே பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் விரலை எடுத்துவிட்டு ஆய்வேட்டை மூடினார்.

"சரிம்மா," என்றார். அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேறு யாருக்கும் கேட்க எதுவும் இருக்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள், தமிழ்மாறன் எழுந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். யாரோ சமோசாவை நீட்ட, நோன்பு என்று மறுத்தாள். வயிறு நோன்பிருக்கிறது, வாய் எங்கே இருந்தது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

பெரியவர் காருக்குப் போகும்போது வழியனுப்பப் போனாள். இப்போதாவது சொல்லலாம் என்ற நினைப்பு இருந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டே, "நல்லா இரும்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பரிதாபமாகச் சொன்னார். கார் போய்விட்டது.

நோன்பு திறக்க வீட்டில் கஞ்சியும் வடையும் சாதிக் அலியே வாங்கிவைத்திருந்தான். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவள் அம்மா சைபுன்னிசா போனில் அழுது அழுது அவளுக்காக இறைவனிடம் துஆ செய்தாள். 'டாக்டர் சாதியா' என்று கடையில் ஒரு பலகை மாட்டலாமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த கல்வியாண்டு தொடங்கிய ஒருநாள் அபி அவள் மேசைக்கு வந்து நின்றாள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண். படபடவென்று பேசும், வேலையில் சுறுசுறுப்பு. அவள் வீட்டில் இந்த அளவுக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை.

"மேம், சார் என்னோட தலைப்ப முடிவு பண்ணிட்டாரு. உங்க சாம்பல் பூச்சுதான். அதையே இன்னும் மேம்படுத்துறது. அந்தக் கலவை விகிதத்த எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

சாதியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இந்தப் பெண்ணின் ஐந்தாறு வருஷம். விடிந்து எழுந்து பஸ் பிடித்து, பம்பு ஓட்டி, பூச்சு சுட்டு, கோடு போட்டு. தன்னோடு முடியும் என்று நினைத்த பொய் இன்னொருத்தி காலில் சுற்றிக்கொள்ள வந்துவிட்டது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த முறை வாயை மூடமுடியாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அபி, உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கதவச் சாத்திட்டு வா."

சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்டு நீள்வதை, இடைவெளி சுருங்குவதை, ஒன்றரை அடுக்கு விதியில் பூச்சுக்கு இடமே இல்லாததை, குறைந்த சூட்டில் சாம்பல் தோற்றதை, கடைசியில் அந்தப் பெரியவர் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்ல மாரிலிருந்து ஒரு கல் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளுக்கப்புறம் ஒருவரிடமாவது.

"அதனால இத எடுக்காத. நான் சார்கிட்ட பேசுறேன். வேற தலைப்பு பாத்துக்கலாம், என்ன?"

அபி முகத்தில் அதிர்ச்சி ஏதும் இல்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், மேடம் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மெல்லத்தான் சொன்னாள்.

"தெரியும் மேம். தண்டு விஷயம் சார் முன்னாடியே சொல்லிட்டாரு. இப்ப ஹோல்டர இன்னும் கொஞ்சம் நீளமா போட்டுக்கலாம்னு சொல்லிருக்காரு, மின்னோட்டம் மூணு மடங்கு வந்துருமாம்."

"அபி..."

"பரவால்ல மேம். கோடு நேராதான வரும்?" என்று அவளைத் தேற்றுகிற மாதிரிச் சிரித்தாள். "நீங்களே இதுலதான மேம் முடிச்சீங்க. எனக்கும் முடிஞ்சா போதும்."

கலவை விகிதத்தை எழுதிக்கொள்ளப் பேனா மூடியைத் திறந்துகொண்டு அவள் காத்திருந்தாள்.